பைத்தணியின் பின்பக்கம்

புனே லக்ஷ்மி ரோட்டில் நண்பரின் குடும்பம் சேலைக்கடை வைத்திருக்கிறது. ஆன்லைன் விலையோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவந்தேன். ஜார்ஜெட்டும் குர்தியும் ஃபோனில் பார்த்தாலே போதும்; அதில் கடைக்காரர் ஜெயிக்க வழியில்லை.

பைத்தணி அப்படியல்ல. 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. கைத்தறியில் முந்தானையின் வண்ண இழைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்வதால், மயிலும் தாமரையும் பின்பக்கத்திலும் ஏறக்குறைய அப்படியே தெரியும். விசைத்தறிச் சேலையைத் திருப்பினால் தொங்கும் இழைகளோ வெட்டிய நுனிகளோ காட்டிக்கொடுத்துவிடும். ஆன்லைன் படங்களில் பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும்!

ஆக, கடை விற்க வேண்டியது அந்தத் திருப்பிக் காட்டுதலை. ஒரே நிறத்தில் கைத்தறியையும் விசைத்தறியையும் அருகருகே விரித்து, இரண்டின் விலையையும் வெளிப்படையாகச் சொல்லி, பில்லிலும் எது எதுவென்று எழுதிக்கொடுக்க வேண்டும். விசைத்தறி விற்பது தப்பில்லை, பெயரை மாற்றி விற்பதுதான் தப்பு. கூடவே ஒன்பது கஜச் சேலைகளும் வைக்க வேண்டும். நௌவாரி தேடும் மராத்திக் குடும்பங்களோடு, மடிசாருக்கு அலையும் நம்மவர்களும் வருவார்கள்.

சிக்கலும் உண்டு. கைத்தறிச் சரக்கில் பணம் மாதக்கணக்கில் முடங்கும்; கல்யாண சீசன் தவறினால் வட்டி கடிக்கும். அதனால் மலிவுச் சரக்கை ஒரேயடியாக நிறுத்தாமல், அலமாரி அலமாரியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தால் போதும். ஸ்கிரீன்ஷாட்டை நீட்டி "இதே விலைக்குத் தருவீர்களா?" என்றால், கடை இன்னும் பழைய பந்தயத்தில்தான் ஓடுகிறது.