பத்து ரூபாய்ச் சீட்டு

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாக்கில் எங்கள் கதவிடுக்கில் ஒரு சிறு சீட்டு செருகப்பட்டிருக்கும். 2024 அக்டோபர் மாதக் கணக்குக்கான சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 62 × 10 = 620. அறுபத்திரண்டு என்பது எங்கள் துணை மீட்டர் காட்டிய யூனிட். பத்து என்பது வீட்டுக்கார அம்மா வகுத்த விலை. எண்ணும் பெருக்கலும் சரியாக இருந்ததால் நானும் என் அறைத்தோழரும் அதைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவந்தோம்.

நாங்கள் இருப்பது பிரேசர் டவுனில், பழைய தனி வீடொன்றின் மாடியில். 1898இன் பிளேக்குக்குப் பிறகு, நெரிசலான கன்டோன்மென்டிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த உருவான பகுதி இது. விசாலமான அந்தக்கால வீடுகள் பல பின்னாளில் போர்ஷன்களாகத் தடுக்கப்பட்டன. சுவர் எழுப்பிப் பிரிப்பது எளிது; மின் இணைப்பைப் பிரிப்பது செலவும் அலைச்சலும் உள்ள வேலை. எனவே எங்கள் வீட்டில் மூன்று குடித்தனங்களுக்கும் பெஸ்காம் மீட்டர் ஒன்றே. கீழே வீட்டுக்கார அம்மா, மேலே நாங்கள், எதிர்ப் போர்ஷனில் கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம். மாடியின் இரண்டு போர்ஷன்களுக்கும் தனித்தனித் துணை மீட்டர் உண்டு. முதன்மை மீட்டரிலிருந்து இவ்விரண்டையும் கழித்து மீந்தது அம்மாவின் கணக்கு.

அந்த அக்டோபரில் முதன்மை மீட்டர் 214 யூனிட் காட்டியது. எங்களுடையது 62, எதிர்ப் போர்ஷன் 81, மீதி 71. கேட்டுவாங்கி முதன்முறையாகப் பில்லைப் பார்த்தேன். 2024 ஏப்ரல் முதல் கர்நாடகத்தில் வீட்டு இணைப்புக்கு ஒரே விலை: யூனிட்டுக்கு 5.90 ரூபாய். அதற்கு மேல் 9 சதவீத வரி. அத்துடன், அனுமதிக்கப்பட்ட சுமையில் கிலோவாட்டுக்கு 120 ரூபாய் நிலைக்கட்டணம். எங்கள் வீட்டின் சுமை 3 கிலோவாட், ஆக 360 ரூபாய். மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டலைக் கணக்கின் எளிமைக்காக இங்கே விட்டுவிட்டால் மொத்தம் 1,736 ரூபாய். மாடியின் இரண்டு போர்ஷன்களும் கொடுத்தது 1,430. அம்மாவின் கையிலிருந்து போனது 306 மட்டும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஆனால் அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டபோது கோபம் பாதியாகக் குறைந்தது. 2023 மே மாத ஆணைப்படி, நுகர்வு நூறு யூனிட்டுக்குள் இருந்தால் விலை 4.75, நூறைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 7 ரூபாய். மூன்று குடித்தனங்களின் நுகர்வு ஒரே மீட்டரில் விழும்போது நூறைத் தாண்டாமல் இருக்க வழியில்லை. வரியோடு அது 7.63. அன்றைய நிலைக்கட்டணத்தை யூனிட்டுகளின் மேல் பரப்பினால் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். சரிக்கட்டலும் சேர்ந்தால் பத்து என்பது கொள்ளை விலையல்ல, நேர்மையான தோராயம். பிழை அந்த எண்ணில் இல்லை. கட்டண ஆணை மாறிய பிறகும் சீட்டு மாறாததே பிழை.

அப்படியானால் நியாயமான விலை எது? மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் 8.11 வருகிறது. பலரும் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் ஒரு குறை உண்டு. நிலைக்கட்டணம் யூனிட்டைச் சார்ந்ததல்ல; ஊருக்குப் போய் மாதம் முழுவதும் வீட்டைப் பூட்டிவைத்தாலும் அது வரும். அதை யூனிட்டின் மேல் ஏற்றினால், அதிகம் பயன்படுத்துபவர் மற்றவர்களின் நிலைக்கட்டணத்தில் ஒரு பகுதியையும் சுமக்கிறார். எனவே இரண்டையும் பிரித்தேன். யூனிட்டோடு மாறும் பகுதி 5.90உடன் 9 சதவீதம், அதாவது 6.43 ரூபாய். மாறாத 360 ரூபாய் மூவருக்கும் சமமாக 120.

இன்னொன்றும் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு நீரேற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் அம்மாவின் மீதிக் கணக்கில் ஓடின. மோட்டார் நாளுக்கு நாற்பது நிமிடம் ஓடினால் மாதம் சுமார் 11 யூனிட், விளக்குக்கு 3. இந்தப் பதினான்கும் மூவருக்கும் பொது. இதையும் பிரித்துப் போட்டபோது எங்கள் பங்கு 549 ரூபாய், எதிர்ப் போர்ஷன் 671, அம்மா 517. கூட்டினால் பில் தொகைக்குச் சில பைசாக்கள்தான் வேறுபடும். நாங்கள் 71 ரூபாயும் எதிர்க் குடும்பம் 139 ரூபாயும் கூடுதலாகக் கொடுத்திருந்தோம்.

கணக்கோடு அம்மாவிடம் போகும் முன் துணை மீட்டரையே சோதித்தேன். எங்கள் போர்ஷனில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தேன், துடிப்பு நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் வேறு யாருடைய கம்பியோ எங்கள் மீட்டர் வழியாகப் போகிறது என்று பொருள். பிறகு ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் ஒரு வாளி நீரில் ஆறு நிமிடம் ஓடவிட்டேன். அது பத்தில் ஒரு யூனிட். மீட்டரின் முகப்பில் யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று அச்சிட்டிருப்பதால் 320 துடிப்பு வரவேண்டும். நான் எண்ணியது 311. மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலே ராடு எடுக்கும் மின்சாரமும் குறையும் என்பதால் இதை மீட்டரின் பிழையாகக் கொள்ளவில்லை. நானூறு துடிப்பு வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

இதற்குள் நவம்பர்ச் சீட்டு வந்துவிட்டது: 58 × 10 = 580. எதிர்ப் போர்ஷனுக்கு 740. அந்த மாதம் முதன்மை மீட்டரின் மொத்தம் 196. பில் தொகை சுழியம்.

கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 2022–23ஆம் ஆண்டில் அந்த இணைப்பின் மாதச் சராசரியைக் கண்டு, அதன்மேல் பத்து சதவீதம் கூட்டி, அதிகபட்சம் 200 யூனிட் வரை இலவசம். எங்கள் வீட்டுச் சராசரி 180. எனவே வரம்பு 198. அதற்குச் சற்று மேலே போனால் மிகுதிக்கு மட்டும் கட்டணம். ஆனால் 200ஐத் தாண்டிவிட்டால் முழுப் பில்லையும் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் 201 யூனிட்டுக்கான பில் 1,653 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டில் அவ்வளவு பெரிய பள்ளம்.

அன்று மாலை எதிர்ப் போர்ஷன்காரரும் நானும் கீழே போனோம். பில் சுழியமாக இருக்கும்போது 1,320 ரூபாய் எதற்கு என்று கேட்டேன். அம்மா சினக்கவில்லை. “தம்பி, மீட்டர் என் பேர்ல இருக்கு, ஆதார் என்னோடது, சலுகையும் எனக்குத்தானே?” என்றார். நான் சராசரியைக் காட்டினேன். அந்த 180 அவர் ஒருவரின் நுகர்வால் வந்ததல்ல. முன்பு மாடியில் குடியிருந்தவர்கள் பயன்படுத்தியதும் சேர்ந்தே அந்த உயரத்துக்கு வந்தது. அவருடைய நுகர்வு மட்டும் இருந்திருந்தால் வரம்பு எழுபது, எண்பதுக்குள் நின்றிருக்கும்.

அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்ன பதில் என்னை நிறுத்தியது. “சரி. ஆனா போன மாசம் நான் எரிச்சது எழுபத்தொண்ணு. நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா எனக்கு எந்த மாசமும் பில்லே வராது. உங்களால வர்ற பில்ல நான் ஏன் கட்டணும்?”

இதுவும் உண்மை. துணை மீட்டரால் யார் எவ்வளவு எரித்தார் என்று சொல்ல முடியும்; 200ஐத் தாண்டவைத்த யூனிட் யாருடையது என்று சொல்ல முடியாது. எதிர்க் குடும்பம்தான் அதிகம் எரித்தது, எனவே அவர்களே காரணம் என்று சொல்லலாம். குழந்தைத் துணிக்கு ஓடும் வாஷிங் மெஷினை ஆடம்பரம் என்று யார் சொல்வது? 214இல் எந்தப் பதினாறு யூனிட்டைக் குறைத்திருந்தாலும் பில் வந்திருக்காது. அந்தப் பதினாறும் மூன்று வீட்டிலும் இருந்தது. தனித்தனி இணைப்புக் கேட்பதுதான் நிலையான தீர்வு. ஆனால் பழைய நுகர்வுக் கணக்கில்லாத புதிய இணைப்புக்கு மாநிலச் சராசரியே அடிப்படை. மாடியில் இருக்கும் எங்களுக்கு அது போதாது. வைப்புத்தொகையும் வயரிங் செலவும் வேறு.

மூவரும் பேசி முடித்த ஏற்பாடு இது. பில் சுழியமானால் யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. பில் வந்தால் யூனிட் அவரவர் மீட்டர்படி, அந்த மாத விலையிலேயே. நிலைக்கட்டணமும் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் சமமாக. அம்மாவின் வாதத்துக்கு மதிப்பளித்து ஒரு விலக்கு: பில் வரும் மாதங்களில் அவருடைய நிலைக்கட்டணப் பங்கை மாடியினர் இருவரும் ஏற்போம். மின்சாரச் சட்டம் 2003இன்படி மின்சாரத்தை விற்க உரிமம் வேண்டும். செலவைப் பகிர்வது வேறு, விற்பது வேறு. சீட்டின் கூட்டுத்தொகை பில்லைத் தாண்டக்கூடாது என்பதை அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு சிறு ஒழுங்குகளும் தேவைப்பட்டன. முதலாவது, பெஸ்காம் ஊழியர் முதன்மை மீட்டரைக் குறிக்கும் அதே நாளில் துணை மீட்டர்களையும் படமெடுப்பது. முன்பெல்லாம் அம்மா மாதக் கடைசியில் பார்த்து எழுதினார். அந்த நான்கைந்து நாள் வேறுபாட்டில் கழித்தல் கணக்கு ஒருபோதும் பொருந்தாது. இரண்டாவது, இருபதாம் நாளில் முதன்மை மீட்டரைப் பார்ப்பது. அன்று 132ஐத் தாண்டியிருந்தால் மாதம் 198க்குள் முடியாது.

டிசம்பர்க் கணக்கின் இருபதாம் நாளில் 141 காட்டியது. அப்படியே போனால் 211. மீதிப் பத்து நாளுக்கு இருந்தது 57 யூனிட், நாளுக்கு ஆறுக்கும் குறைவு. நாங்கள் கீசரை நிறுத்தி, பொதுவில் ஒரு வாளி வெந்நீர் அடுப்பில் வைத்தோம். எதிர்வீட்டில் வாஷிங் மெஷின் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. அம்மா மோட்டாரைத் தொட்டி நிரம்பி வழியும்வரை விடாமல் நிறுத்தினார். மாத முடிவில் மொத்தம் 194.

2025 ஏப்ரலில் கட்டணம் மறுபடி மாறியது. யூனிட் விலை 5.80ஆகக் குறைந்தது, நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 145ஆக உயர்ந்தது, ஓய்வூதியச் செலவுக்காக யூனிட்டுக்கு 36 பைசா சேர்ந்தது. எங்கள் வீட்டில் அதற்காக யாரும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. மே மாதம் விசிறிகள் இரவு பகலாக ஓடி 200ஐத் தாண்டியபோது, கதவிடுக்கில் வந்த சீட்டில் நான்கு வரிகள் இருந்தன: எங்கள் யூனிட், அந்த மாத விலை, பொதுப் பங்கு, நிலைக்கட்டணப் பங்கு. பின்னால் பில்லின் நகல் குத்தப்பட்டிருந்தது.