மூன்றாவது சுற்று

பதினேழு வயதில் மாநிலப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் 1500 மீட்டர் ஓடி ஏழாவதாக வந்தேன். இரண்டு சுற்றுவரை முன்னால் இருந்தவனை மூன்றாவது சுற்றில் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் தாண்டிப் போனார்கள். திடலை விட்டு இறங்கியதும் பயிற்சியாளர் சொன்னது ஒரே வரிதான்: "ஒனக்கு நெஞ்சுல தெம்பு இல்லடா."

இருபத்தைந்து வருடம் அதை நம்பினேன்.

நாற்பத்திரண்டு வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு மறுபடியும் அரங்கத்துக்குப் போனேன். அங்கே விடியற்காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழக்கமானார். பழைய கதையைச் சொன்னேன். அவர் தெம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஒவ்வொரு ரவுண்டும் எவ்ளோ?"

எனக்கு மனப்பாடம். 64, 71, 79 விநாடி. கடைசி 300 மீட்டர் 57. மொத்தம் 4 நிமிடம் 31 விநாடி.

"என்னா ட்ரெய்னிங்?"

வாரம் மூன்று நாள், எட்டு முறை 400 மீட்டர், ஒவ்வொன்றும் 68 விநாடிக்குள். நடுவில் ஐந்து நிமிட ஓய்வு. மெதுவாக, நீண்ட நேரம் ஓடிய நாள் ஒன்றுகூடக் கிடையாது.

"அப்பறம் எப்படிலா மூணாவது ரவுண்டு வரும்?"

பார்ப்பதற்கு வேக ஓட்டம் போலிருந்தாலும், 1500 மீட்டருக்கு வேண்டிய சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனிலிருந்துதான் வருகிறது. மீதி, ஆக்சிஜன் இல்லாமல் எரியும் சிறு கையிருப்பு. நான் முதல் சுற்றிலேயே அதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டேன். ஐந்து நிமிட ஓய்வில் மூச்சு முழுதாகத் திரும்பிவிடுவதால், என் பயிற்சி அந்தக் குறையை எனக்குக் காட்டவே இல்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லை, அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் வாரம் நூறு மைல் ஓடவிட்டார் என்று சார் சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் முடிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு சுற்றுக்கு 80 விநாடி. பத்து வாரம் மெதுவாக மட்டுமே ஓடினேன்; படிப்படியாக வாரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் வந்தது. நம் ஊர் வெப்பத்தில் கடிகாரத்தைப் பார்த்து ஓடினால் ஏமாந்துபோவோம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். பிறகு சோதனை ஓட்டம்: 84, 84, 84, கடைசியில் 63. மொத்தம் 5:15. மூச்சு பெரிதாக வாங்கவில்லை. ஆனால் எவ்வளவு முயன்றும் கால் வேகமாக நகரவில்லை.

"இப்ப எதிர்ப்பக்கம் போயிட்ட," என்றார் சார்.

சுற்றுக் கணக்கை வாசிக்க அன்று கற்றுக்கொண்டேன். வேகமாகத் தொடங்கி, தோள் இறுகி, மூன்றாவது சுற்றில் விழுந்தால் அடித்தளம் போதவில்லை. எல்லாச் சுற்றும் ஒரே அளவாக வந்து, மூச்சு மிச்சமிருந்தும் கடைசியில் வேகம் எடுக்க முடியாவிட்டால் கால் வேகத்தை மறந்திருக்கிறது.

மெதுவான ஓட்டத்தை விடாமல் வேகத்தைச் சேர்த்தோம். வாரம் இரண்டு நாள், எளிய ஓட்டம் முடிந்ததும் ஆறு முறை 100 மீட்டர். தளர்வாக, ஆனால் விரைவாக, நடுவில் நடந்து. ஒரு நாள், இரண்டு மூன்று சொல் மட்டும் பேச முடிகிற வேகத்தில் இருபது நிமிடம். கடைசி எட்டு வாரம் இன்னொரு நாள் போட்டி வேகம்: முதலில் பத்து முறை 200 மீட்டர், தலா 39 விநாடி, பின்னர் ஆறு முறை 400 மீட்டர், தலா 80. இந்தமுறை ஓய்வு வெறும் 200 மீட்டர் மெது ஓட்டம். ஞாயிறு நீண்ட ஓட்டம் அப்படியே இருந்தது.

நடுவில் ஒரு வாரம் ஆசைப்பட்டு 400 மீட்டரை 74 விநாடியில் ஓடினேன். மூன்றாம் நாளும் எளிய ஓட்டமே பாரமாக இருந்தது. காலையில் எழுந்ததும் 52 இருக்கும் நாடித்துடிப்பு 60 காட்டியது. "80 சொன்னா 80தான்," என்று சார் நான்கு நாள் வேக ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்.

மூத்தோர் போட்டியில் ஓடினேன். சார் தொடக்கக் கோட்டுப் பக்கம் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைக் கத்தினார். 80. 81. மூன்றாவதில் பழைய பயம் வயிற்றைப் பிடித்தது. ஒருவர் என்னைத் தாண்டினார். 82. கடைசி 300 மீட்டரில் கால் கேட்டதைக் கொடுத்தது: 58.

மொத்தம் 5:01. ஒரு விநாடி பாக்கி.

வீட்டுக்கு வந்து, பழைய நோட்டில் 79 என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பையனுக்குத் தெம்பு நிறையவே இருந்திருக்கிறது. ஓடுவதற்கு மூச்சே இல்லாமல் அந்தச் சுற்றை அவன் ஓடி முடித்திருக்கிறான்.