மாமாவும் 320 டீயும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ மாமா ஒரு நோட்டை நீட்டினார். "மாப்ள, குடோன் வேலைய விட்டுட்டு ஆரப்பாளையம் பக்கம் டீக்கடை போடலாம்னு இருக்கேன். கணக்கு சரியான்னு பாரு. ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கணும்."

கணக்கு இதுதான். ஒரு டீ 12 ரூபாய். அதுக்கு 80 மில்லி பால் 4 ரூபாய், டீத்தூள் 1, சர்க்கரை 50 காசு, கேஸ் 1, சேதாரம் 50 காசு, ஆக 7 ரூபாய். மிச்சம் 5. டீ வித்தாலும் விக்காட்டியும் ஒரு நாளைக்கு வாடகை 300, மாஸ்டர் சம்பளம் 700, கரண்டு தண்ணி 100, மொத்தம் 1100. 1100ஐ 5ஆல வகுத்தா 220 டீ. "300 டீ போனா தினம் 400 ரூபா லாபம்"னு மாமா அடிக்கோடு போட்டிருந்தார்.

"மாமா, குடோன்ல உங்களுக்குத் தினம் எவ்வளவு?"

"ஐநூறு."

அப்போ 400 லாபம்னா 100 ரூபா நஷ்டம்தானே! அந்த 500ஐயும் செலவுல சேர்த்தேன். 1600. இப்ப 320 டீ வித்தாதான் கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கும்.

இன்னொரு விஷயம். கல்லாவையும் பார்த்துக்கிட்டு கிளாஸும் கழுவினா மாமாவால 400 டீ வரைக்கும்தான் சமாளிக்க முடியும். அதுக்கு மேல கிளாஸ் கழுவ ஒரு ஆள் வேணும், 500 ரூபாய். அதையும் போட்டதும் அட்டவணை இப்படி வந்தது:

| டீ | வரவு | செலவு | லாபம் |
|---|---|---|---|
| 200 | 2400 | 3000 | -600 |
| 320 | 3840 | 3840 | 0 |
| 400 | 4800 | 4400 | 400 |
| 450 | 5400 | 5250 | 150 |
| 500 | 6000 | 5600 | 400 |
| 600 | 7200 | 6300 | 900 |

450வது வரிசையைப் பாருங்க. வியாபாரம் கூடுது, லாபம் குறையுது. 500 டீ வித்தாலும் 400 டீ வித்த லாபம்தான். அட்டவணை போடலைன்னா இந்தப் பள்ளம் கண்ணுலயே படாது. பால் லிட்டருக்கு 10 ரூபா ஏறினா டீக்கு மிச்சம் 4.20தான், 320 அப்படியே 381 ஆயிடும்.

சரி, அங்க எத்தனை டீதான் போகும்? அதே தெருவுல இருக்கற கடையில ராத்திரி காலி பால் பாக்கெட்டை மாமா எண்ணிட்டு வந்தார். அரை லிட்டர் பாக்கெட் 50. அதாவது 25 லிட்டர், கிட்டத்தட்ட 310 டீ. தண்ணி கூட ஊத்தினா இன்னும் கொஞ்சம் கூடும். பழகின கடைக்கே அவ்வளவுதான்.

மாமா ரொம்ப நேரம் அந்த 700ஐயே பார்த்துக்கிட்டிருந்தார். "மாஸ்டர் நானே ஆயிட்டா?"

கூட்டிப் பார்த்தோம். கிளாஸ் கழுவ ஆள் வச்சாலும் செலவு 1400, அதாவது 280 டீ. 310 போனா தன் கூலி போக 150 ரூபா நிக்கும்.

ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கலை. இப்ப சாயங்காலம் குடோன் விட்டதும் தெரிஞ்ச கடையில டீ ஆத்தப் பழகுறார்.

அத்தைதான் கேட்டாங்க: "மாஸ்டர் அடுப்புல நின்னா கல்லாவுல யாரு? நானா? அந்தச் சம்பளம் எந்த வரிசைல இருக்கு?"

அட்டவணையைத் திருப்பித் திறந்திருக்கேன்.