ஒன்பது கிலோ

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பிளானிங் பிரிவில் நான் இருந்தபோது, துணிக் கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு குழு போட்டார்கள். ஏழு பேர். ஸ்டோர் பொறுப்பாளர், கட்டிங் மாஸ்டர், கணக்குப் பிரிவு அக்கா, சாயப்பட்டறைகளோடு பேசும் பிராசஸிங் இன்சார்ஜ், ஒரு மெர்ச்சண்டைசர், மென்பொருள் எழுதிய பையன், நான். கெடு ஆறு மாதம். என்னைத் தலைவனாகப் போட்டதற்குத் தகுதி எதுவும் காரணமில்லை. ஏழு பேரில் யாரோடும் பழைய சண்டை இல்லாதவன் நான் ஒருவன்தான்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு பயிற்சி வகுப்பில் ப்ரூஸ் டக்மனின் நான்கு படிநிலைகளைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஃபார்மிங், ஸ்டார்மிங், நார்மிங், பெர்ஃபார்மிங். கூடுதல், மோதுதல், நெறி கொள்ளுதல், செயல்படுதல் என்று நானே தமிழில் எழுதி மேஜை மேல் ஒட்டிக்கொண்டேன். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்ற நினைப்பு.

முதல் மாதம் எல்லாம் இனிமையாகப் போனது. திங்கட்கிழமை காலை கூட்டம், டீ, வடை. நான் எதைச் சொன்னாலும் "சரிங்க தம்பி" என்பார் ஸ்டோர் அண்ணன். அவருக்கு அங்கே இருபத்திரண்டு வருட சர்வீஸ். கட்டிங் மாஸ்டர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். கணக்கு அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். குழு நன்றாக இருக்கிறது என்று எம்.டி.யிடம் சொன்னேன்.

இப்போது யோசித்தால் அந்தக் கட்டத்தின் அடையாளம் வேறு. எல்லாக் கேள்வியும் என்னிடமே வந்தது. கட்டிங் மாஸ்டருக்கு ஸ்டோரில் ஒரு விவரம் வேண்டுமென்றால்கூட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டோர் அண்ணனைக் கேட்காமல் என்னைக் கேட்டார். டக்மன் முதல் கட்டத்தை 'சோதித்துப் பார்ப்பதும் சார்ந்திருப்பதும்' என்றுதான் விவரிக்கிறார். எதுவரை பேசலாம், எங்கே அடி விழும் என்று ஆளாளுக்குத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதுவரை தலைவனைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் முதல் லாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். சாயப்பட்டறைக்குப் போன கோராத் துணி 500 கிலோ. சாயம் ஏறித் திரும்பி வந்தது 466. துணியைச் சாயமிடும்போது எடை குறையும். அதற்கு 5 சதவீதம் கழிவு என்று கணக்குப் பிரிவில் காலம்காலமாக ஒரு எண் இருந்தது. அதன்படி 475 கிலோ வந்திருக்க வேண்டும். ஒன்பது கிலோ குறைவு.

கணக்கு அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். "மீதி ஒன்பது கிலோ எங்கங்க?"

ஸ்டோர் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங், நான் ஊட்டுக்குக் கொண்டு போயிட்டனாக்கும்?"

அந்த அறையில் அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எழுதி மாளாது. பிராசஸிங் இன்சார்ஜ் ஸ்டோரின் எடை மெஷினைக் குறை சொன்னார். ஸ்டோர் அண்ணன் இன்சார்ஜுக்கும் சாயப்பட்டறை முதலாளிக்கும் உள்ள சொந்தத்தை இழுத்தார். கட்டிங் மாஸ்டர், "எனக்குக் கிலோ வேண்டாம்ங்க, எத்தனை பீஸ் வெட்டலாம்னு சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டார். மெர்ச்சண்டைசர் பெண் என்னைப் பார்த்தாள். நான் மேஜையில் ஒட்டியிருந்த தாளை நினைத்துக்கொண்டேன். மோதுதல். சரியாக வந்துவிட்டது.

சண்டைக்குப் பெயர் தெரிந்திருந்ததே தவிர, அது எதைப் பற்றிய சண்டை என்று நான் பார்க்கவில்லை. ஸ்டோருக்குத் துணி என்றால் கிலோ. கட்டிங்குக்குப் பீஸ். கணக்குக்கு ரூபாய். மூன்று பேரும் ஒரே துணியைப் பற்றித்தான் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒரே அளவில் அல்ல. நோட்டுக் காலத்தில் அந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை. கம்ப்யூட்டர் அதைச் சிவப்பு எழுத்தில் காட்டியது. காட்டிய உடனே, அந்த ஒன்பது கிலோவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டார். இருபத்திரண்டு வருடம் சாவியை இடுப்பில் வைத்திருந்தவர் அகப்பட்டார்.

நான் செய்தது சமாதானம். இரண்டு வாரம் கூட்டத்தை நிறுத்தினேன். ஆளாளைத் தனியாகப் பார்த்துத் தோளைத் தட்டினேன். "அக்கா, இனிமே கழிவுப் பேச்சை எடுக்காதீங்க" என்றேன். ஸ்டோர் அண்ணனிடம், "அஞ்சு சதவீதத்துக்குள்ள வர்ற மாதிரி பாத்துக்கங்கண்ணா" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க தம்பி" என்றார்.

எட்டாவது வாரம் கூட்டம் மறுபடி தொடங்கியது. யாரும் குரல் உயர்த்தவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்தது. சிவப்பு எழுத்து வருவதும் நின்றுபோனது. மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று நம்பினேன்.

பன்னிரண்டாவது வாரம் கட்டிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஒரு ஆர்டருக்குத் துணி பற்றவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த இருப்புக்கும் மேஜை மேல் இருந்த துணிக்கும் 60 கிலோ வித்தியாசம். ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் என்று வைத்தால் 300 சட்டை. கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று.

ஸ்டோருக்குப் போனேன். அண்ணன் எதையும் மறைக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு லாட்டின் உண்மையான எடையும் அவர் கையெழுத்தில் இருந்தது. கம்ப்யூட்டரில் மட்டும் எல்லா லாட்டும் சொல்லி வைத்தாற்போல் 5 சதவீதக் கழிவோடு வந்து இறங்கியிருந்தன.

"நீங்கதானுங்களே தம்பி சொன்னீங்க, அஞ்சுக்குள்ள வரோணும்னு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரைத் திருடன் என்று சொல்லாமல் சொன்ன ஒரு குழுவில், அவரைப் பொய் எழுத வைத்தவன் நான். கூட்டம் அமைதியானதற்குக் காரணம் நெறி எதுவும் பிறந்ததல்ல. பேசினால் அவமானம் என்று ஆனதால் பேச்சு நின்றது. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்க்க வேறுபாடு தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டென்றால், கெட்ட செய்தி எங்கே முதலில் வருகிறது என்று பார்ப்பதுதான். கூட்டத்துக்கு வந்தால் குழு நெறி கொண்டிருக்கிறது. டிராயருக்குள் போனால் இல்லை.

மறுநாள் ஏழு பேரையும் ஸ்டோரிலேயே உட்கார வைத்தேன். அந்த நோட்டை நடுவில் வைத்து, அஞ்சுக்குள் வரவேண்டும் என்று சொன்னது நான்தான் என்றேன். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு கணக்கு அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே, "இந்த அஞ்சு சதவீதம் யார் போட்டதுன்னு எனக்கே தெரியாதுங்க. நான் சேரும்போதே இருந்துச்சு" என்றார். அன்றுதான் ஒன்பது கிலோ ஒரு ஆளின் மேல் இருந்து இறங்கி, மேஜை மேல் வந்தது.

அடுத்த பத்து லாட்டை ஸ்டோர், பிராசஸிங், கட்டிங் மூன்று பேரும் சேர்ந்து நின்று எடை போட்டார்கள். ஸ்டோர் அண்ணனுக்கு முன்பே தெரிந்திருந்தது எண்ணாக வந்தது. முழுவதும் வெளுத்த வெள்ளைத் துணியில் கழிவு எட்டை நெருங்கியது, கறுப்பில் நான்குதான். பருத்தியில் உள்ள மெழுகும் அழுக்கும் வெளுப்பில் போய்விடுகின்றன. அடர் நிறத்தில் ஏறும் சாயம் போன எடையில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. பஞ்சு முனைகளை நீக்கும் பயோவாஷ் கொடுத்த லாட்டில் கழிவு இன்னும் கூடியது. இன்னொன்றும் இருந்தது. பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். வணிகத்தில் அதற்கு ஒப்புக்கொண்ட அளவே 8.5 சதவீதம். டிரையரிலிருந்து சூட்டோடு வந்த ரோலை உடனே நிறுத்தால் ஒரு எடை, ஒரு நாள் கழித்து நிறுத்தால் வேறு எடை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே எண் வைத்து, ஒரு மனிதரிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விதிகளை அவர்களே போட்டார்கள். நிறத்துக்கும் பிராசஸுக்கும் தனித்தனிக் கழிவு. வந்த துணியை மறுநாள் காலையில்தான் நிறுப்பது. எண் தாண்டினால் "எங்கே போச்சு" என்று கேட்கக் கூடாது, "என்ன பிராசஸ்" என்றுதான் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொன்னவர் கட்டிங் மாஸ்டர். நார்மிங் என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் கிடைத்தது. ஒருவரையொருவர் பிடித்துப்போவது அதில் ஒரு பகுதி மட்டுமே. எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று ஒரு குழு தனக்குள் முடிவு செய்வதுதான் அதன் முக்கியப் பகுதி.

இருபதாவது வாரம் நான் ஒரு சாவுக்காக நான்கு நாள் ஊருக்குப் போனேன். போன் வரவில்லை. திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, நடுவில் ஒரு சாயப்பட்டறை இரண்டு லாட் நம்பரை மாற்றிப் போட்டு டி.சி. அனுப்பியிருக்கிறது. அண்ணன் எடையைப் பார்த்தே சந்தேகப்பட்டு, அக்காவைக் கூப்பிட்டு, கட்டிங்கை நிறுத்தி, மாலைக்குள் சரி செய்துவிட்டார்கள். என்னைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் மாதத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க என்னிடம் வந்தவர்கள் இவர்கள். நான்காம் கட்டம் வந்ததற்கு இதைவிட வேறு சான்று நான் தேடவில்லை. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

டக்மனின் கட்டுரையைப் பிறகு தேடிப் படித்தேன். 1965இல் எழுதியது. அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, சிறு குழுக்களைப் பற்றி அதற்கு முன் வெளியான ஐம்பது கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து இந்த வரிசையைச் சொல்கிறார். அவற்றில் பெரும்பகுதி மனநல சிகிச்சைக் குழுக்களும் பயிற்சிக் குழுக்களும். ஸ்டோர், கட்டிங் போன்ற வேலைக் குழுக்கள் மிகக் குறைவு. அந்தக் குறையை அவரே ஒப்புக்கொள்கிறார். கட்டங்களுக்குக் கால அளவும் சொல்லவில்லை. நான்தான் தாளில் ஒட்டி, வாரக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

1988இல் கோனி கெர்சிக் எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து வேறொன்று சொன்னார். குழுக்கள் படிப்படியாக ஏறவில்லை. கெடுவின் சரிபாதி வரை ஒரே போக்கில் போய், அந்த இடத்தில் விழித்துக்கொண்டு திசை மாறின. நாங்கள் ஸ்டோரில் உட்கார்ந்தது இருபத்தாறு வாரத்தில் பதின்மூன்றாவது வாரம். எங்களைத் திருப்பியது டக்மனின் படியா, கப்பல் தேதியா என்று என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நோட்டு டிராயரை விட்டு வெளியே வராமல் இருந்திருந்தால் இரண்டுமே உதவியிருக்காது.

1977இல் டக்மனும் மேரி ஆன் ஜென்சனும் ஐந்தாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள். கலைதல். எங்கள் குழு ஜூன் கடைசியில் கலைந்தது. அன்றும் டீ, வடைதான். எல்லோரும் போன பிறகு ஸ்டோர் அண்ணன் அந்த நோட்டை என்னிடம் நீட்டினார்.

"இனி இது எனக்கு எதுக்குங்க? நீங்களே வெச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டேன். ஐந்தாவது வாரத்துப் பக்கத்தில் 466 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வெள்ளை' என்று இருந்தது. அன்றே எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் யாராவது அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.