அஷ்டமியா, ரோகிணியா?

கிருஷ்ண ஜெயந்தி எங்கள் வீட்டில் ஒரு நாள் என்றால், என் மனைவி பிறந்த வீட்டில் பல வருடங்களில் வேறொரு நாள். நாங்கள் கள்ளக்குறிச்சி ஸ்மார்த்தக் குடும்பம். அவள் திருக்கோவிலூர் வைணவ வீட்டுப் பெண்.

மாமா வீட்டில் தங்கிப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் சொல்லிக் கொடுத்த நாள் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும். பஞ்சாங்கத்தில் திதியும் நட்சத்திரமும் எந்த மணிக்கு வேண்டுமானாலும் மாறும். சண்டைக்கு விதை அங்கேதான்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 6 காலை ஒன்பது மணி சுமாருக்கு ரோகிணி வந்தது, பிற்பகல் மூன்றரைக்கு மேல் அஷ்டமி வந்தது. நள்ளிரவில் அஷ்டமி இருந்ததால் எங்களுக்கு அன்றே ஜெயந்தி. அரசு விடுமுறையும் அன்றுதான். ஆனால் அன்று சூரிய உதயத்தில் இருந்தது சப்தமியும் கார்த்திகை நட்சத்திரமும். கார்த்திகை தொட்ட நாளை மைத்துனர் வீட்டில் ஏற்கமாட்டார்கள். மறுநாள் உதயத்தில் அஷ்டமியும் ரோகிணியும் இருந்தன. அவர்களுக்கு 7-ம் தேதி.

அந்த வருடம் என் அக்கா, "ஒரு வீட்டில் ரெண்டு ஜெயந்தியா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிரவு மனைவியிடம் பேசினேன்.

"உனக்கு எது மனசுக்குச் சரி, சொல்லு."

"உங்க நாளை நான் என்னிக்காவது விட்டிருக்கேனாங்க? நீங்க கல்வராயன் மலையில வெள்ளிமலை ஆபீஸ்ல இருந்தப்போ, கடைசி பஸ் போயிடுச்சுன்னு வரமாட்டீங்க. ரெண்டு பிள்ளைங்களைத் தூங்கவெச்சிட்டு, மாக்கோலத்துல பாதம் போட்டு, நடுராத்திரி நானே பூஜை பண்ணுவேன். மறுநாள் எங்கம்மா வீட்டு ஜெயந்தி. இங்கே அது மிச்ச சீடையைத் தின்னுற நாள்."

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாளும் புதிதாகக் கொஞ்சம் வெல்லச் சீடை, வெண்ணெய், அவல் வைத்து அவள் வீட்டு முறையில் ஒரு பூஜை. விரதம் மட்டும் ஒரு நாள்தான். இருவருக்கும் சர்க்கரை. அக்காவுக்கு நானே போன் செய்து சொன்னேன். அக்கா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மைத்துனர் இப்போதும் எங்கள் நாளில் வந்தால் பிரசாதத்தை வாங்கி வைத்துக்கொள்வார், சாப்பிடமாட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

சில வருடங்களில் இடைவெளி ஒரு நாளோடு நிற்காது. 2020-ல் எங்களுக்கு ஆகஸ்ட் 11, ஆடி முடியாத சமயம். அவர்களுக்கோ ஆவணி ரோகிணி செப்டம்பரில்தான் வந்தது. அதனால் புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டமிடுவது இப்போது என் வேலை.