டொக்டரிடம் கொண்டுபோக ஒரு நோவுக் கொப்பி

கிளினிக் நாளில் ஒரு நோயாளிக்கு டொக்டர் ஒதுக்கக்கூடியது சில நிமிடங்கள்தான். "எங்க நோகுது? எப்ப கூடுது?" என்று அவர் கேட்டால், நம்மில் பலர் "உடம்பெல்லாம் ஒரே உளைவு டொக்டர், கனகாலமா இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பதிலை வைத்து நோவைக் குறைக்கும் குளிசை எழுதலாம். நோவு எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

என் சாச்சிக்கு வயது 49. கை நோவு என்று சில மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் "தேங்காய் துருவி, உடுப்புக் கழுவி வந்த நோவு" என்றே நினைத்தோம். டொக்டரிடம் போவதற்கு இரண்டு கிழமை இருந்தது. ஒரு பழைய கொப்பியில், வரவு இடாப்பு மாதிரி, ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். அதற்கு மேல் எழுதினால் மனசு எந்நேரமும் நோவிலேயே நிற்கும். நாலாம் நாளே கொப்பியையும் மூடிவிடுவார்கள்.

மணிக்கூடு பார்த்து எழுதுவது சாச்சிக்குச் சிரமம். அதனால் சுபஹு, ளுஹர், மஃரிப் என்று தொழுகை நேரங்களையே வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நேரத்திலும் 0 முதல் 10 வரை ஓர் எண். 0 என்றால் நோவே இல்லை, 10 என்றால் தாங்க முடியாதது. இந்த எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட முடியாது. அதே ஆளுக்குக் காலையில் 7, பகலில் 3 என்று வரும்போதுதான் அதற்குப் பெறுமதி. எண்ணோடு, செய்ய முடியாமல் போன ஒரு வேலையையும் எழுத வேண்டும். "வுழூ எடுக்கப் பைப்பைத் திருக ஏலல்ல" என்று சாச்சி எழுதியிருந்தார். அந்த ஒரு வரி எண்ணை விடத் தெளிவாகப் பேசியது.

இரண்டு கிழமை முடிந்ததும் கொப்பியைப் பார்த்தோம். 14 நாளில் 11 நாள், விடியலில் விரல்களை மடக்க முடியவில்லை. அந்த விறைப்பு இளகுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. வேலை செய்யச் செய்ய நோவு குறைந்திருக்கிறது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல் உள்ளங்கையோடு சேரும் மொளிகளில் நோவு. மோதிரம் ஏறாத அளவுக்கு வீக்கம்.

மூட்டு நோவுக்கு இந்த விடியல் விறைப்புத்தான் மிக முக்கியமான குறிப்பு. தேய்மானத்தால் வரும் நோவில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். வேலை செய்தால் நோவு கூடும், ஓய்வெடுத்தால் குறையும். மூட்டு அழற்சியில் இது தலைகீழ். ஓய்வுக்குப் பிறகு விறைக்கும், அசைய அசைய இளகும். கொப்பி மட்டும் நோயைத் தீர்மானித்துவிடாது. ஆனால் அடுத்து எந்தச் சோதனை செய்வது என்று டொக்டருக்கு வழி காட்டும். சாச்சியின் விரல் மொளிகளை அவர் அமத்திப் பார்த்தார். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ருமட்டொயிட் ஃபெக்டர் ஆகிய இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதி, வாத நோய் கிளினிக்குக்குக் கடிதமும் தந்தார். முடக்கு வாதமாக இருந்தால் மூட்டுப் பழுதாகும் முன்பே மருந்து தொடங்குவது பெரிய வித்தியாசத்தைத் தரும். அதனால் காலம் கடத்தக் கூடாது என்றார்.

குளிசையைக் கட்டாயம் எழுத வேண்டும். பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குக் குடித்தது, எவ்வளவு நேரம் சுகம் இருந்தது. பார்மசியில் நாமாக வாங்கியதையும் மறைக்கக் கூடாது. டைக்ளோஃபெனக், இபுபுரோஃபென் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கலாம், பிரஷரையும் கூட்டலாம். பெயர் ஞாபகமில்லாவிட்டால் குளிசை அட்டையையே கொண்டுபோங்கள்.

நோவு எப்படிப்பட்டது என்பதை நோயாளியின் சொல்லிலேயே எழுதுங்கள். குத்துதா, எரியுதா, உளையுதா, கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுதா? எரிவும் கரண்ட் மாதிரி ஓடுவதும் நரம்புப் பக்கம் யோசிக்க வைக்கும். நாம் திருத்தி எழுதினால் அந்தத் தடயம் போய்விடும்.

பதினாலு நாள் வரியையும் வாசிக்க டொக்டருக்கு நேரமில்லை. கடைசி நாள் முன்பக்கத்தில் நாலு வரியில் சுருக்கி எழுதுங்கள்: எங்கே, எந்நேரம் கூடுதல், எதைச் செய்ய முடியவில்லை, என்ன குளிசை. உள்ளே இருப்பது அவர் கேட்டால் காட்டத்தான்.

சில நோவுகளுக்குக் கொப்பியே வேண்டாம். நெஞ்சு நோவு, திடீரென்று வந்த கடும் தலையிடி, காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடாகி வீங்குவது, முதுகு நோவோடு கால் மரத்துச் சோர்ந்து போவது அல்லது சிறுநீர் போவதில் மாற்றம், இப்படி ஏதும் இருந்தால் எழுதிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.