அறுவை அரங்குக் காலணி: அச்சிலிருந்து கழுவுதொட்டி வரை

அறுவை அரங்கில் அணியும் கிளாக், தையலோ ஒட்டோ இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் காலணி. விரல்களும் புறங்காலும் மூடியிருக்கும். குதிகால் திறந்திருக்கும், அல்லது பின்னால் ஒரு பட்டி இருக்கும். அரங்கில் வேலை செய்பவர்கள் இதை ‘ஓ.டி. செருப்பு’ என்பார்கள். தமிழ்நாட்டின் பல மருத்துவமனைகளில் அந்தப் பெயரில் வாசலில் கிடப்பது சாதாரண ரப்பர் செருப்புதான். கை தவறி விழும் கத்தியிடமிருந்தும் ஊசியிடமிருந்தும் அது விரல்களைக் காக்காது. கிளாக்கின் முதல் வேலை அந்தக் காப்பு. இரத்தம் உள்ளே வராமல் தடுப்பது இரண்டாவது வேலை.

இரத்தம் உள்ளே வரும் வழிகள் சிலவே. காலணியின் சுவர் வழியாக அது வருவதில்லை. வார்ப்பு நுரையின் அறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீர் போகாது. வருவதெல்லாம் மேலே உள்ள துளைகள், புறங்கால் விளிம்பு, திறந்த குதிகால் ஆகியவற்றின் வழியாகத்தான். படகில் அணிவதற்காக 2002இல் விற்பனைக்கு வந்த குரோக்ஸ் காலணியில், தண்ணீர் வெளியேறவே மேற்புறத் துளைகள் வைக்கப்பட்டன. அறுவை மேசையருகே அதே துளைகள் இரத்தத்தை உள்ளே விடும் வாயில்களாகின்றன. அதனால் அரங்குக்கென வார்க்கும் கிளாக்கில் மேற்புறத்தை முழுதும் மூடி, காற்றுக்கான துளைகளைப் பக்கவாட்டில், உள்ளங்கால் மட்டத்துக்குச் சற்று மேலே வைப்பது வழக்கம்.

இரத்தத்தைத் தடுக்கும் இந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. சிசேரியனில் கருப்பையைத் திறந்ததும் பனிக்குட நீரும் இரத்தமும் சேர்ந்து மேசை விரிப்பின் ஓரமாக வழியும். அங்கியின் கீழ்விளிம்பைத் தாண்டி நேராகப் பாதத்தில் விழும். புராஸ்டேட் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் அறுவையில் கழுவுநீர் லிட்டர் கணக்கில் ஓடும். இந்த இரண்டிலும் மேசையை ஒட்டி நிற்பவருக்கு எந்தக் கிளாக்கும் போதாது. முழங்கால் வரை வரும் கம்பூட்டே பொருத்தம். மற்ற பெரும்பாலான அறுவைகளுக்கு மேற்புறம் மூடிய கிளாக் போதும்.

கிளாக்கின் நுரைச்சுவர் எப்படி உருவாகிறது என்பதில்தான் இந்தக் காலணியின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஈவிஏ என்னும் எத்திலீன் வினைல் அசிடேட்டால் ஆனவை. ஈவிஏ குருணையோடு நுரைக்கவைக்கும் பொடியையும், மூலக்கூறுச் சங்கிலிகளைப் பிணைக்கும் பெராக்சைடையும், நிறமியையும் கலந்து மீண்டும் குருணையாக்குகிறார்கள். நுரைப்பொடியாகப் பெரிதும் பயன்படுவது அசோடைகார்பனமைடு என்னும் மஞ்சள் தூள். மூச்சில் கலந்தால் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. அதை நிறுத்து மூட்டையிலிருந்து கொட்டும் தொழிலாளிக்கு நல்ல முகக்கவசமும், தூளை இழுக்கும் குழாயும் கட்டாயம் தேவை. வாங்குபவர் ஆலையைப் பார்க்கப் போனால் அச்சுக் கூடத்தைவிட இந்த எடைபோடும் மூலையை முதலில் பார்ப்பது நல்லது. மருத்துவப் பணியாளரின் உடலைக் காக்கும் பொருள், அதைச் செய்பவரின் நுரையீரலைக் கெடுத்து வரக் கூடாது.

அச்சுக் கூடத்தில் எந்திரம் குருணையை இளக்கி, மூடிய இரும்பு அச்சுக்குள் செலுத்துகிறது. செலுத்தும் குழாயை ஏறத்தாழ 100 டிகிரிக்கு மேல் போகவிடுவதில்லை. போனால் கலவை குழாய்க்குள்ளேயே முற்றிவிடும். அச்சின் வெப்பமோ 170 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அங்கே ஐந்தாறு நிமிடங்களில் பெராக்சைடு சங்கிலிகளைப் பிணைக்கிறது. நுரைப்பொடி சிதைந்து வாயுவாகிறது. அச்சு மூடியிருக்கும்வரை அந்த வாயு அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். அச்சு திறந்ததும், கண் இமைப்பதற்குள், காலணி அச்சை விட்டுத் துள்ளி வெளியே வந்து பெரிதாகிறது. 18 சென்டிமீட்டர் அச்சிலிருந்து 27 சென்டிமீட்டர் காலணி வருவது இப்படித்தான். நீளம் ஒன்றரை மடங்கானால் கன அளவு மூன்று மடங்குக்கும் மேலாகும். காலணி பஞ்சுபோல் இலேசாக இருப்பதன் காரணம் அதுதான்.

அடுத்த வேலை மனிதக் கையின் வேலை. சூடான காலணி ஆறும்போது சுருங்கும். தன்போக்கில் விட்டால் ஒன்று 8ஆம் எண்ணாகவும் அதன் ஜோடி ஏழரையாகவும் நின்றுவிடும். அதனால் கையுறை அணிந்த தொழிலாளி அதை எடுத்து, சூடு இறங்குமுன் பாத வடிவ அச்சுக்கட்டையில் மாட்டிக் குளிர்விக்கும் பாதையில் அனுப்புகிறார். மாட்டுவது சில விநாடி வேலை. குதிகால் பகுதி கட்டையில் சரியாக உட்கார்ந்ததா, விளிம்பு மடிந்ததா என்பதை விரல்தான் சொல்லும். குறைவாக முற்றிய காலணி கையில் பிசுபிசுத்துத் தொய்ந்துபோகும். அதிகம் முற்றியது விறைத்து, நிறம் மங்கியிருக்கும். பழகிய தொழிலாளி எடுத்த கையோடு அதை ஒதுக்கிவிடுவார். ஆறிய பின் வாங்குபவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாத குறை இது. பல மாதம் கழித்து உள்ளங்கால் பள்ளமாகும்போதுதான் தெரியவரும். இந்தக் கைத்திறன் தமிழ்நாட்டுக்கு இப்போது அயலானதல்ல. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் குரோக்ஸ் காலணி செய்யும் ஆலை இயங்குகிறது.

கட்டையில் ஆறியபோது கிடைத்த வடிவம், மீண்டும் சூடுபட்டால் தளர்ந்துவிடும். ஈவிஏ கிளாக்குகளைக் கழுவுவதில் வரும் சிக்கல் முழுவதும் இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கிறது. 60 டிகிரியை நெருங்கும் நீரில் திரும்பத் திரும்பக் கழுவினாலோ, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாலோ காலணி சுருங்கும். முதலில் பின்பட்டி இறுகும், பிறகு முன்பகுதி விரலை அழுத்தும்.

மருத்துவமனைப் பாத்திரங்களைச் சூடுநீரால் கிருமிநீக்கம் செய்வதற்கு ஐஎஸ்ஓ 15883 என்னும் தரநிலை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 80 டிகிரியில் ஒரு விநாடி என்பது ஓர் அலகு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதே பலனுக்குப் பத்து மடங்கு நேரம் வேண்டும். உடலுக்குள் செல்லாத, தோலை மட்டும் தொடும் பொருள்களுக்கு 60 அலகு என்று வைத்துக்கொண்டால், 80 டிகிரியில் ஒரு நிமிடம் போதும். 70 டிகிரியில் 10 நிமிடம் ஆகும். இதே விகிதத்தை நீட்டினால் 60 டிகிரியில் 100 நிமிடம். காலணி தாங்கக்கூடிய 50 டிகிரிக்கு இறங்கினால் 1000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். ஈவிஏ கிளாக்கை வெந்நீரால் மட்டும் கிருமிநீக்கம் செய்ய முடியாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். அங்கே வேதிப்பொருளைத்தான் நம்ப வேண்டும்.

வேதிப்பொருளை நம்பும் இடத்தில் வரிசை முக்கியம். முதலில் குளிர்ந்த நீர். வெந்நீர் பட்டால் இரத்தப் புரதம் கெட்டியாகி வரிப்பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து சோப்புக் கரைசலும் தூரிகையும்: அடிப்புறக் கோடுகள், பக்கத் துளைகள், பின்பட்டி சுழலும் குமிழின் அடி. இந்தக் குமிழ்தான் எல்லோரும் மறக்கும் இடம். பட்டியைக் கழற்றாமல் அங்கே தூரிகை போகாது. அதன் பிறகே 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம் ஊறவேண்டும். இரத்தம் ஒட்டியிருக்கும்போதே அதில் போட்டால், குளோரின் அந்த இரத்தத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. கடைசியில் நல்ல நீரில் அலசி நிழலில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு அடுக்கில் வைத்தால், மறுநாள் அணிபவரின் பாதத்துக்குத்தான் படர்தாமரைக் காளான் வந்து சேரும். கழுவியது சரிதானா என்று சோதிக்க, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சில சொட்டுகளை உலர்ந்த பள்ளங்களில் விட்டுப் பார்க்கலாம். இரத்தம் மிஞ்சியிருந்தால் நுரைத்துக் காட்டும்.

இத்தனையையும் செய்பவர், அரங்கு முடிந்தபின் துடைப்பும் வாளியுமாக நிற்கும் ஒரே ஒரு ஆயாம்மாவாகவே பெரும்பாலும் இருப்பார். ஒரு நாளில் முப்பது நாற்பது ஜோடிகளை இந்த வரிசையில் அவர் கையால் கழுவ முடியும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அங்கேதான் இரண்டாவது வகைப் பொருள் பயன்படுகிறது. எஸ்இபிஎஸ் போன்ற வெப்ப இளகு மீள்மங்களால் வார்த்த கிளாக்குகளில் 134 டிகிரி ஆட்டோகிளேவையே தாங்கும் வகைகள் உண்டு. இத்தாலியின் கால்சூரோ அவற்றில் நெடுநாள் அறியப்பட்ட ஒன்று. இவற்றைக் கழுவும் எந்திரத்தில் அடுக்கி, 90 டிகிரியில் ஒரு நிமிடம் வைத்தாலே 600 அலகு கிடைத்துவிடும். தூரிகை வேலை மிகக் குறைவு. ஆனால் இவை கனமானவை. கையில் எடுத்தவுடனே வேறுபாடு தெரியும். விலையும் அதிகம். எந்திரம் உள்ள மருத்துவமனை இந்த வகையை வாங்கட்டும். தொட்டியும் தூரிகையுமே உள்ள மருத்துவமனை ஈவிஏவை வாங்கி, கழுவுவதற்கு ஓர் ஆளைக் கூடுதலாக அமர்த்தட்டும். காலணியின் விலையை மட்டும் பார்த்து, கழுவும் செலவைப் பார்க்காமல் முடிவெடுப்பதே கொள்முதலில் நடக்கும் பெரிய தவறு.

எட்டு மணி நேர அறுவையில் நிற்பவருக்கு எடையைவிட முக்கியமானது குதிகாலின் பிடி. பின்பட்டி இல்லாத, சற்றுப் பெரிய கிளாக் கழன்றுவிடாமல் இருக்க, விரல்கள் தம்மையறியாமல் மடங்கி அதைப் பற்றிக்கொண்டே இருக்கும். மாலையில் உள்ளங்காலிலும் கெண்டைக்காலிலும் வரும் வலிக்கு அந்த இடைவிடாத பற்றல் ஒரு காரணம். நெடுநேரம் நிற்கையில் பாதம் வீங்குவதால், அளவைக் காலையில் அல்ல, பணி முடியும் வேளையில், அரங்கில் அணியும் காலுறையோடு பார்க்க வேண்டும். அடிப்பகுதி மெத்தென்று இருந்தால் நல்லது என்பதும் பாதி உண்மைதான். மிக மெத்தென்ற அடியில் கணுக்கால் ஓயாமல் சமநிலை தேடும். மேலும், அறுவை மருத்துவர் காலால் இயக்கும் மிதிகள் உண்டு. மின்கத்தியில் மஞ்சள் மிதி வெட்டும், நீல மிதி இரத்தத்தை உறைவிக்கும். கண்புரையை உடைத்து எடுக்கும் கருவியிலோ ஒரே மிதி அழுத்த அழுத்த மூன்று நிலைகளுக்குப் போகும். தடித்த அடியில் இந்த நிலைமாற்றம் காலுக்கு எட்டாது. அதனால் கண் மருத்துவர்களில் பலர் மிதி இருக்கும் காலில் காலணியைக் கழற்றிவிடுகிறார்கள்.

நிலைமின் தேக்கம் பழைய ஈத்தர், சைக்ளோபுரோப்பேன் காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. ஒரு பொறி போதும், வாயு வெடிக்கும். தீப்பற்றும் மயக்க வாயுக்கள் இன்று அரங்கை விட்டுப் போய்விட்டன. ஆனாலும் நிலைமின் தடுப்பு என்று குறிப்பிட்ட கிளாக்கின் மின்தடை 100 கிலோ ஓம் முதல் 1000 மெகா ஓம் வரை இருக்க வேண்டும் என்ற விதி தொடர்கிறது. சாதாரண ஈவிஏ நுரை இந்த எல்லைக்குள் வராது. அதற்கென்று ஒரு பொருளைக் கலவையில் சேர்த்தால்தான் வரும்.

ஈவிஏவின் ஆயுளை நாள்காட்டியால் சொல்ல முடியாது. குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால், நுரை உடனே எழும்ப வேண்டும். பள்ளம் நின்றால் அதன் அறைகள் நசுங்கிவிட்டன. அடிப்புறக் கோடுகள் குதிகாலின் வெளி ஓரத்தில்தான் முதலில் தேயும். அந்த ஓரம் வழவழப்பானால், சோப்பு நீர் சிந்திய தரையில் அது வழுக்கும். முன்பகுதி மடங்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், எவ்வளவு தேய்த்தாலும் அதற்குள் தூரிகை போகாது. இம்மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த ஜோடியைக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது பின்பட்டியை வெட்டிவிடுவது நல்லது, இல்லையேல் அது மறுநாளே கழிவறை வாசலில் யாரோ ஒரு பணியாளரின் காலில் இருக்கும்.